நான்கு நாள் காதில் விழாத ஒரு வரி: ஒரு ஸ்டாண்ட்-அப்பின் நிகழ்வு ஆய்வு

வெள்ளிக்கிழமை ஸ்டாண்ட்-அப், அதாவது அணி தினமும் கூடி வேலை நிலவரம் பேசுகிற சின்னக் கூட்டம், முடிந்து எல்லோரும் கிளம்பப் போகிற நேரம். எங்கள் டெஸ்டர், ரீஃபண்ட் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த டெவலப்பரிடம், "நேத்தே எனக்குக் குடுக்கிறதா இருந்துச்சே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். "அந்த வெப்ஹுக் இன்னும் வரலங்க. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அவர். நான் இன்னும் அழைப்பில்தான் இருந்தேன். "டெஸ்ட் மோடுல தனியா அட்ரஸ் போட்டீங்களா?" என்று கேட்டேன். "தனியாப் போடணுமா?" என்றார். பத்து நிமிடத்துக்குள் வெப்ஹுக் வர ஆரம்பித்துவிட்டது.

அவர் சொன்னது உண்மை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று நான்கு ஸ்டாண்ட்-அப்பிலும் அதைச் சொல்லியிருக்கிறார். நான்கிலும் நான் இருந்திருக்கிறேன். அதற்கு முந்தைய வருடம், பணப் பரிவர்த்தனையைக் கையாளும் இதே கேட்வேயோடு இதே சிக்கலில் அரை நாள் மாட்டி வெளியே வந்தவன் நான். பதில் என்னிடம் இருந்தது, கேள்வி என் முன்னாலேயே நான்கு முறை வந்தது, ஆனாலும் இரண்டும் சந்திக்கவில்லை. தினமும் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஏழு பேர் கூடிப் பேசுவது இந்தச் சந்திப்புக்காகத்தான் என்றால், அந்த வாரம் எங்கள் கூட்டம் நடக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இது ஏன் நடந்தது, அதன்பின் எதை மாற்றினோம், மாற்றியதில் எது கெட்டது என்பதை இங்கே எழுதுகிறேன். ஒரே அணி, ஏழெட்டு வாரக் கதை. எங்கள் அழைப்புகள் வேறு நேர மண்டலத்தில் இருக்கும் ஒருவருக்காக வழக்கமாகவே பதிவாகும் என்பதால், என்ன பேசப்பட்டது என்பதை நினைவிலிருந்து எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. அணியில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு அந்த வாரப் பதிவுகளைத் திரும்பக் கேட்டேன்.

பின்னணி

அணியில் ஏழு பேர்: நான்கு டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், ஒரு டிசைனர், ஒரு லீட். இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திட்டமிட்டு முடிக்கிற வேலைச் சுற்று. எல்லோரும் வேறு வேறு இடத்திலிருந்து வேலை பார்க்கிறவர்கள், அதனால் 'ஸ்டாண்ட்-அப்' என்று பெயர்தானே தவிர எவரும் நிற்பதில்லை. லீட் வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், தடை ஏதும் உண்டா என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்வோம். லீட் குறித்துக்கொண்டு "ஓகே, அடுத்து" என்பார்.

அந்த வாரம் நான்கு நாளும் கூட்டம் 26, 24, 28, 23 நிமிடம் ஓடியது. 15 நிமிடம் என்று காலண்டரில் போட்டிருந்தோம்.

சிக்கல் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது புரியாது. பணம் திருப்பித் தரப்பட்டதும் கேட்வே நம் சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பும், அதுதான் வெப்ஹுக். அது எந்த முகவரிக்கு வர வேண்டும் என்று கேட்வேயின் செட்டிங்ஸ் பக்கத்தில் நாம் பதிந்து வைக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்திய கேட்வேயில், இதுபோன்ற பலவற்றிலும்தான், நிஜப் பணத்துக்கான லைவ் மோடுக்கு ஒரு பட்டியல், சோதனைக்கான டெஸ்ட் மோடுக்கு வேறொரு பட்டியல். வெளியிடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கிற ஸ்டேஜிங் சர்வர் டெஸ்ட் மோடு சாவியில் ஓடுகிறது. டெவலப்பர் முகவரியை லைவ் பட்டியலில் பதிந்துவிட்டார். திரையில் முகவரி சரியாகத் தெரிகிறது, கோடில் பிழை இல்லை, ஆனால் ஒன்றும் வராது. லாகில் பிழை வந்தால் தேடலாம், எதுவுமே வராதபோது எங்கிருந்து தேடுவது? தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை, தெரியாதவருக்கு நான்கு நாள். ஸ்டாண்ட்-அப்பில் தீர வேண்டியது சரியாக இந்த மாதிரிச் சிக்கல்தான்.

செவ்வாய்க்கிழமை அவர் பேசியது

பதிவிலிருந்து காதால் கேட்டு எழுதியது. நடுநடுவே வந்த 'ம்', 'அதாவது', 'ஆக்சுவலா' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, திரும்பச் சொன்ன இடங்களையும் சுருக்கியிருக்கிறேன்:

"நேத்து ரீஃபண்ட் டிக்கெட்தான் பாத்துட்டு இருந்தேன். காலைல ரிவ்யூ கமெண்ட்ஸ் வந்திருந்துச்சு, வேரியபிள் பேரெல்லாம் மாத்தச் சொல்லியிருந்தாங்க, மாத்திட்டேன். அப்புறம் பதினோரு மணிக்கு டிசைன் மீட்டிங், அதுல ஒரு மணி நேரம் போயிடுச்சு. மதியத்துக்கு மேல திரும்ப ரீஃபண்ட்ல உக்காந்தேன். டேபிள்ல ஒரு காலம் சேக்க வேண்டியிருந்துச்சு, மைக்ரேஷன் எழுதினேன், முதல் தடவ ஓடல. பாத்தா பழைய ரெக்கார்டுல அந்த இடம் காலியா இருக்கு, அதான் பிரச்னை, சரி பண்ணிட்டேன். மெயின் ஃப்ளோ எல்லாம் ஓரளவு முடிஞ்சிடுச்சு. வெப்ஹுக் மட்டும் ஸ்டேஜிங்ல வரல, கேட்வே சப்போர்ட்டுக்கு மெயில் போட்டிருக்கேன், பாப்போம். மத்தபடி ஆல்மோஸ்ட் டன். இன்னைக்கும் இதையேதான் கண்டினியூ பண்ணுவேன். பிளாக்கர்னு ஒண்ணும் இல்ல."

இதைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் ஒரே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன்: இந்த வரி இல்லாவிட்டால், கேட்டுக்கொண்டிருந்த ஆறு பேரில் எவராவது அன்று வேறு மாதிரி வேலை பார்த்திருப்பார்களா?

வேரியபிள் பெயர் மாற்றியது எவரையும் தொடாது, அது ரிவ்யூவிலேயே தெரியும். டிசைன் மீட்டிங்கில் நாங்களும்தான் இருந்தோம். டேபிளின் அமைப்பை மாற்றுகிற மைக்ரேஷன் முதல் தடவை ஓடாத கதை அவருக்கு முக்கியம், ஏனென்றால் இரண்டு மணி நேரம் அதில் போயிருக்கிறது. எங்களுக்கு அதில் வேண்டியது ஒரே ஒரு துணுக்கு: அந்த டேபிளில் புதிதாக ஒரு காலம், அதாவது ஒரு நெடுவரிசை, சேர்ந்திருக்கிறது. இன்னொரு டெவலப்பர் அதே டேபிளில் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார், அவர் மைக்ரேஷனை ஓட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் 'நீங்கள் இதைச் செய்ய வேண்டும்' என்ற பக்கத்திலிருந்து அது சொல்லப்படவில்லை, 'நான் இவ்வளவு பாடுபட்டேன்' என்ற பக்கத்திலிருந்து சொல்லப்பட்டது. கேட்டவருக்கு அது தனக்கானது என்று எப்படித் தெரியும்? புதன்கிழமை அவருடைய கோட் ஓடாமல் போய் ஒரு மணி நேரம் தேடினார். அதைக்கூடப் பதிவைக் கேட்டபோதுதான் கண்டுபிடித்தோம்.

மிச்சம் இருப்பது எட்டாவது வாக்கியம், வெப்ஹுக். மொத்தம் பதினோரு வாக்கியத்தில் வியாழக்கிழமை டெஸ்டருக்குக் கொடுக்கிற திட்டத்தையே மாற்றக்கூடிய ஒரே வரி அதுதான். அதில் 'மட்டும்' இருக்கிறது, 'பாப்போம்' இருக்கிறது. முன்னால் 'ஓரளவு முடிஞ்சிடுச்சு', பின்னால் 'மத்தபடி ஆல்மோஸ்ட் டன்', கடைசியில் 'பிளாக்கர்னு ஒண்ணும் இல்ல'. ஒரு சின்ன முள்ளைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்த மாதிரி. டெஸ்டர் அன்று எழுதி வைத்திருந்த குறிப்பில் "ரீஃபண்ட் – வியாழன் – ஓகே" என்று இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்டதன் சாரத்தை அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் அந்த டெவலப்பர் ஏன் 'பிளாக்கர் இல்லை' என்றார்? அவரிடமே கேட்டேன். "வேற வேல இருந்துச்சுங்களே, அதப் பாத்துட்டு இருந்தேன். மொத்தமா நின்னுபோனாத்தானே பிளாக்கர்?" என்றார். நியாயமான பதில். அந்தச் சொல் கேட்கிற அளவு மிக உயரம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் பிளாக்கர் என்று எல்லோரும் மனதில் வைத்திருக்கிறோம். கையில் எப்போதும் வேறு ஏதாவது வேலை இருக்கும், அதனால் பிளாக்கர் ஒருபோதும் இருக்காது. பிற்பாடு இந்தச் சொல்லையே விட்டுவிட்டு, "யாருக்காகவாவது, எதுக்காகவாவது காத்திருக்கீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தோம். இந்தக் கேள்விக்கு 'கேட்வே சப்போர்ட்டின் பதிலுக்கு' என்ற விடை தானாக வந்துவிடும்.

நான் ஏன் கேட்கவில்லை

என் முறை அவருக்கு அடுத்தது. அவர் பேசும்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தால், நேற்று என்ன செய்தேன் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். இது எனக்கு மட்டும் உள்ள குறை இல்லை. மால்கம் ப்ரென்னர் என்ற உளவியலாளர் 1973-ல் இதைச் சோதனை செய்து வெளியிட்டார். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு சொல் வாசித்தவர்களிடம் பிறகு நினைவைக் கேட்டபோது, தன் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர் வாசித்ததுதான் மிக மோசமாக நினைவில் இருந்தது. பெயர் சொல்லி வரிசையாகக் கூப்பிடுகிற ஸ்டாண்ட்-அப், இந்தச் சோதனையைத் தினமும் நடத்துகிற ஏற்பாடு. தனக்கு முன்னால் பேசுகிறவரின் வரி ஒவ்வொருவருக்கும் நழுவும், வரிசை மாறாவிட்டால் தினமும் அதே ஆளின் வரி அதே ஆளுக்கு நழுவும். எங்களுக்கு நான்கு நாளும் வரிசை ஒன்றுதான்.

நீளம் எங்கிருந்து வருகிறது

பதிவுகளை வீடியோவோடு பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பேசுகிற எல்லோருமே லீட் 'ஓகே' சொல்கிறவரை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து டைப் செய்துகொண்டிருந்தால் நிறுத்த மாட்டார்கள், இன்னும் இரண்டு வரி சேர்ப்பார்கள். அவர் நிமிர்ந்து தலையாட்டினால் முடித்துக்கொள்வார்கள். அதாவது ஆறு பேர் கேட்கிற கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒருவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தோம். வேலை வாங்குகிறவரிடம் பேசும்போது மனிதருக்கு இயல்பாக வருவது, நான் சும்மா இருக்கவில்லை என்று காட்டுவது. மீட்டிங்கில் போன ஒரு மணி நேரமும், ஓடாத மைக்ரேஷனும், மாற்றிய வேரியபிள் பெயரும் பேச்சில் வந்ததற்குக் காரணம் அதுதான். அந்த வரிகளுக்கு ஒரு பயன் இருந்தது, ஆனால் அது மற்ற ஐந்து பேருக்கான பயன் இல்லை.

"நேத்து என்ன பண்ணீங்க?" என்ற கேள்வியும் இதற்குத் தூபம் போடுகிறது. அந்தக் கேள்வி கதையைத்தான் கேட்கிறது. ஸ்பிரிண்ட், தினசரிக் கூட்டம் என்று வேலை செய்கிற ஸ்க்ரம் முறையின் வழிகாட்டி, அதன் 2017 பதிப்பு அந்த மூன்று கேள்விகளை ஒரு உதாரணமாக மட்டும் வைத்திருந்தது. 2020 பதிப்பில் அவை இல்லவே இல்லை. ஸ்பிரிண்டின் இலக்கை நோக்கிப் போகிறோமா என்று பார்த்து அடுத்த நாள் வேலையைத் திட்டமிட வேண்டும், 15 நிமிடத்துக்குள், எந்த முறையில் பேசுவது என்பது டெவலப்பர்கள் விருப்பம் என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. ஆனாலும் பல அணிகளில் அந்தக் கேள்விகள் பாராயணம் மாதிரித் தொடர்கின்றன. எங்களிடமும் தொடர்ந்தன.

இதனால்தான் 'சுருக்கமாப் பேசுங்க' என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் லீட் அதை முன்பே பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் சுருங்கும், மூன்றாவது நாள் பழையபடி நீளும். யாரிடம் பேசுகிறோம் என்பது மாறாமல் பேச்சு மாறாது.

இந்த இடத்தில் 'ம்', 'அதாவது', 'வந்து', 'பேசிக்கலி' பற்றியும் ஒரு வார்த்தை. நிரப்புச் சொல் என்றால் பலர் இவற்றைத்தான் நினைக்கிறார்கள், இவற்றை எண்ணி ஆளைத் திருத்தப் பார்க்கிறார்கள். எண்ணவே கூடாது என்பது என் கருத்து. பேசிக்கொண்டே யோசிக்கும்போது அவை வருகின்றன, யோசித்துவிட்டுப் பேசினால் பாதிக்கு மேல் போய்விடும். எவ்வளவு 'ம்' போட்டாலும் வெப்ஹுக் வரவில்லை என்று முதல் வரியில் சொல்லியிருந்தால் அது எங்கள் காதில் விழுந்திருக்கும். எங்களைக் கெடுத்த நிரப்பு வேறு வகை: பொருள் இருப்பது போலத் தோன்றுகிற முழு வாக்கியங்கள். 'பாத்துட்டு இருக்கேன்', 'கண்டினியூ பண்றேன்', 'ஆல்மோஸ்ட் டன்'. இவற்றை நேற்றும் சொல்லலாம், நாளையும் சொல்லலாம், எந்த நாளிலும் பொய்யாகாது. அப்படி எந்த நாளிலும் பொய்யாகாத வாக்கியத்தில் தகவல் இல்லை.

மாற்றியது

அடுத்த திங்கள்கிழமை மூன்றை மாற்றினோம்.

முதலாவது, ஆளை வைத்துப் போகாமல் போர்டை வைத்துப் போனோம். ஒவ்வொரு வேலையும் ஒரு டிக்கெட்டாக, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டுகிற போர்டைத் திரையில் போட்டு, வலது ஓரத்திலிருந்து, அதாவது முடிவுக்கு மிக அருகில் இருக்கும் டிக்கெட்டிலிருந்து தொடங்கினோம். அந்த டிக்கெட்டைப் பற்றி யாருக்குச் சொல்ல இருக்கிறதோ அவர் சொல்வார், ஒருவராகவும் இருக்கலாம், மூவராகவும் இருக்கலாம். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் "மாற்றம் இல்லை, போகலாம்". இதில் வரிசை தினமும் தானாக மாறும், ஒத்திகை பார்க்க நேரம் கிடைக்காது. மீட்டிங்கில் போன ஒரு மணி நேரத்துக்குப் போர்டில் டிக்கெட் இல்லாததால் அந்த வரிகள் உதிர்ந்துவிட்டன. எவரும் தடை போடவில்லை, வைக்க இடம் இல்லாமல் போய்விட்டது.

இரண்டாவது, லீட் குறிப்பெடுப்பதை நிறுத்தினார், போர்டை நகர்த்துகிற வேலையையும் விட்டார். அதை நாளொருவராக மற்றவர்கள் எடுத்துக்கொண்டோம். அவருக்கு இது எளிதாக இருக்கவில்லை. "எனக்கு நெலவரம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். டிக்கெட்டிலேயே எழுதுகிறோம், அங்கே பாருங்கள் என்று ஒப்புக்கொண்டோம். அதைக் கடைப்பிடிக்காவிட்டால் அவர் மறுபடி வாயால் கேட்கத் தொடங்குவார், அது நியாயமும்கூட.

மூன்றாவது, கூட்டத்துக்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதும்போது முதலில் வர வேண்டியது, அன்று வேறொருவரைத் தொடுகிற விஷயம். பிறகு எதற்குக் காத்திருக்கிறோம், யாரிடம் என்ன வேண்டும். அவ்வளவுதான். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பேச்சை டெவலப்பரே திரும்ப எழுதிப் பார்த்தார்:

"ரீஃபண்ட் டேபிள்ல புதுசா ஒரு காலம் சேத்திருக்கேன், அதத் தொடுறவங்க மைக்ரேஷன ஓட்டிக்குங்க. வெப்ஹுக் ஸ்டேஜிங்ல வரல, அது வராம டெஸ்டிங்குக்குக் குடுக்க முடியாது, வியாழக்கிழமை சந்தேகம்தான். கேட்வே செட்டிங்ஸ் தெரிஞ்சவங்க யாராவது முடிஞ்சதும் பத்து நிமிஷம் இருங்க."

நிதானமாகச் சொன்னாலும் இருபது வினாடி. இதில் மூன்று பேருக்கு மூன்று வரி இருக்கிறது: ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு ஒன்று, டெஸ்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒவ்வொருவரும் தன் வரியில் நிமிர்ந்து பார்ப்பார்கள். 'முடிஞ்சதும் இருங்க' என்பதைக் கவனியுங்கள். தீர்வைக் கூட்டத்துக்குள் பேசத் தொடங்கினால் மீதி ஐந்து பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சிக்கலைச் சொல்வது கூட்டத்தில், அவிழ்ப்பது கூட்டம் முடிந்ததும், தேவையானவர்களோடு மட்டும்.

முதல் வாரமே கூட்டம் 10, 11 நிமிடத்துக்கு வந்தது.

இரண்டாவது வாரத்தில் கெட்டது

நேரம் குறைந்ததில் லீட் மகிழ்ந்தார், நாங்களும்தான். கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினோம். இரண்டாவது வாரம் வியாழக்கிழமை ஐந்தே நிமிடத்தில் முடித்தோம். அந்தப் பதிவைப் பிறகு கேட்டால் இப்படி இருக்கிறது: "சர்ச், போயிட்டு இருக்கு, பிரச்னை இல்ல." "ரிப்போர்ட், ரிவ்யூல இருக்கு." "லாகின், இன்னைக்கு முடிஞ்சிடும்." போர்டைப் பார்த்தாலே தெரிகிற விஷயத்தை வாயால் வாசித்திருக்கிறோம். நீளமான பேச்சில் ஒளிந்திருந்த வரி, இப்போது குட்டையான பேச்சில் இல்லாமலே போனது.

டெஸ்டர்தான் முதலில் சொன்னார்: "முன்னாடியாவது பேச்சுக்கு நடுவுல ஏதாச்சும் வாய் தவறி வரும். இப்ப அதுவும் இல்ல."

சரிசெய்ய ஒரே ஒரு வழக்கத்தைச் சேர்த்தோம். நேற்று இருந்த கட்டத்திலேயே இன்றும் இருக்கிற டிக்கெட்டுக்கு 'போயிட்டு இருக்கு' போதாது. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது, என்ன மிச்சம் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். 'ஆல்மோஸ்ட் டன்' என்று வாயில் வந்தால் அதை எவரும் திருத்துவதில்லை, "மிச்சம் என்ன?" என்று மட்டும் ஒருவர் கேட்பார். "பாதித் தொகை மட்டும் திருப்பித் தர்ற கேஸ் எழுதல" என்று பதில் வந்தால் அது தகவல். டெஸ்டர் அன்று முழுத் தொகை கேஸைத் தொடங்கிவிடலாம். "அதான், சின்னச் சின்னது" என்று பதில் வந்தால் அதுவும் ஒருவகைத் தகவல்தான். என்ன மிச்சம் என்று அவருக்கே தெரியவில்லை, கூட்டம் முடிந்ததும் யாராவது அவரோடு உட்கார வேண்டும்.

எங்கள் அணியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருவர் இருந்தார். இந்தக் கண்டிப்பு அவரைத்தான் அதிகம் பாதித்தது. சிக்கல் எங்கே என்று தெரிந்தவரால்தான் அதை இரண்டு வரியில் சொல்ல முடியும். தெரியாதவர் சுற்றிச் சுற்றித்தான் சொல்வார், அந்தச் சுற்றலில்தான் மூத்தவர்களுக்கு அடையாளம் கிடைக்கும். அவர் ஒருநாள் அப்படிச் சுற்றியபோது, அன்று போர்டை நகர்த்திய நானே நடுவில் புகுந்து "ஷார்ட்டா சொல்லுங்க" என்றேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் "பிரச்னை இல்ல" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது நாள் அவருடைய கோடைப் பார்த்தேன், அதே இடத்தில் நின்றது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எங்களிடம் இப்படி ஒரு அப்டேட் முழுமையானதாகக் கணக்கு: "நேத்து மதியத்திலேர்ந்து மாட்டிட்டு இருக்கேன், ஏன்னு தெரியல, ஒருத்தர் கூட வேணும்." காரணம் சொல்ல வேண்டாம், முயன்றதை அடுக்க வேண்டாம். எப்போதிலிருந்து என்பது மட்டும் கட்டாயம், ஏனென்றால் ஒரு மணி நேரமா ஒன்றரை நாளா என்பதை வைத்துத்தான் யார் எப்போது போய் உட்கார்வது என்று முடிவாகும்.

பேச்சு நீளும்போது நிறுத்துவதற்கும் ஒரு பக்குவம் வேண்டியிருக்கிறது. வாக்கியத்தின் நடுவில் வெட்டக் கூடாது. அவர் மூச்சு விடுகிற இடத்தில், "இது யார் யாருக்கு வேணும்? முடிஞ்சதும் அவங்க இருங்க" என்றால் போதும். பேசியது முக்கியம் என்று அதில் ஒப்புக்கொண்டாகிவிட்டது, இடம்தான் மாறுகிறது. ஆனால் முடிந்ததும் நிஜமாகவே இருக்க வேண்டும். இரண்டு முறை 'அப்புறம் பேசலாம்' என்று சொல்லிப் பேசாமல் விட்டால், மூன்றாவது முறை அவர் எதையும் அப்புறத்துக்கு விடமாட்டார், கூட்டத்திலேயே முழுதும் பேசிவிடுவார்.

எதை வைத்துச் சொல்வது

கடிகாரத்தை விட்டுவிட்டு வேறு இரண்டைக் குறித்துக்கொண்டோம். ஒன்று, கூட்டம் முடிந்ததும் யாராவது இரண்டு பேராவது இருந்து பேசினார்களா. வாரத்தில் ஒருநாள்கூட எவரும் முடிந்ததும் இருந்து பேசவில்லை என்றால், எல்லாம் சுமுகமாகப் போகிறது என்று நான் நினைக்க மாட்டேன், எவரும் எவரையும் கேட்கவில்லை என்றுதான் நினைப்பேன். இன்னொன்று, ஒரு சிக்கல் தொடங்கிய நாளுக்கும் அது கூட்டத்தில் தெளிவாகச் சொல்லப்பட்ட நாளுக்கும் இடைவெளி எவ்வளவு. ரீஃபண்ட் விஷயத்தில் வாயால் சொன்னது செவ்வாய், தெளிவாகத் தெரிந்தது வெள்ளி. பிறகு வந்த ஒரு சான்றிதழ் காலாவதிச் சிக்கல் தொடங்கியது மாலை, சொன்னது மறுநாள் காலை, தீர்ந்தது அன்று மதியம். இதை வைத்துப் பெரிதாக நிறுவ முடியாது, ஒரு அணியின் சில வாரங்கள்தான். ஆனால் எங்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

இந்த முறை எல்லா அணிக்கும் பொருந்தாது. எங்களில் ஒருவர் வேலை இன்னொருவர் வேலையில் அடிக்கடி போய் முட்டும், அதனால்தான் தினமும் பேச வேண்டியிருக்கிறது. ஏழு பேரும் ஏழு தனித்தனி வேலை பார்க்கிற அணியில் 'இந்த வரி யாரைத் தொடும்?' என்று கேட்டால், பெரும்பாலான நாட்களில் எவரையும் தொடாது என்றுதான் விடை வரும். அங்கே அப்டேட்டைச் சுருக்கி என்ன ஆகப்போகிறது? எழுதிப் போட்டுவிட்டு, தேவைப்படும் அன்று மட்டும் கூடலாம்.

மேலதிகாரி வந்த நாள்

ஆறாவது வாரம், லீடுக்கும் மேலே இருக்கும் மேலாளர் ஒருநாள் ஸ்டாண்ட்-அப்பில் வந்து உட்கார்ந்தார். எதுவும் பேசவில்லை, கேமராவை மட்டும் போட்டிருந்தார். போர்டு அதே போர்டு, வலது ஓரத்திலிருந்துதான் தொடங்கினோம். ஆனால் மூன்றாவது டிக்கெட்டுக்குள் எல்லோருக்கும் பழைய குரல் திரும்பிவிட்டது. "நேத்து காலைல..." என்று ஒருவர் ஆரம்பித்தார், மீட்டிங் கணக்கு வந்தது, ரிவ்யூ கணக்கு வந்தது. நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன், பதிவில் இருக்கிறது. 22 நிமிடம்.

மறுநாள் லீட் அவரிடம் பேசினார். அணியின் நிலவரம் அவருக்கு வேண்டியதுதான், அதை வாரம் இருமுறை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டாண்ட்-அப்பைக் கேட்க விரும்பினால் பதிவைக் கேட்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். மேலாளர் ஒப்புக்கொண்டார். அன்று காலைக் கூட்டத்தில் முதல் டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் டெவலப்பர் பேசினார்: "பாதித் தொகை கேஸ் முடிஞ்சுது, டெஸ்டிங்குக்கு வந்திருக்கு. ரவுண்ட் பண்றதுல எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு, அங்கேர்ந்து ஆரம்பிங்க." டெஸ்டர் "சரி, அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்" என்றார், போர்டு அடுத்த டிக்கெட்டுக்கு நகர்ந்தது.